பஸ் ஸ்டாண்டில் அஞ்சு பேர்

எனக்கு வைவா கேள்வி எழுதப் பிடிக்கும். இதைச் சொன்னால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் சிரிப்பார்கள். தென்காசிப் பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறேன். அங்கே யாருக்கும் பிடிக்காத சோலி இது. கடைசி வருஷப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் வைவா என்றால் பெரும்பாலும், என்ன செஞ்சிருக்கீங்க, எதுக்கு யூஸ் ஆவும், ஃபியூச்சர்ல என்ன பண்ணலாம், அவ்வளவுதான். பிள்ளைகளும் அதற்குத் தகுந்த மாதிரி மனப்பாடம் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நிற்பார்கள். வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினர் தலையாட்டுவார், காபி வரும், கையெழுத்து விழும், சோலி முடிந்தது.

எனக்கு இது ஆகாது. காசுக்குச் செய்து விற்கிற ப்ராஜெக்ட் சென்டரில் பொட்டலமாக வாங்கி வந்தவனும், விரலைச் சுட்டுக்கொண்டு சால்டரிங் பண்ணியவளும் ஒரே மார்க் வாங்கினால் எனக்கு வயிறு எரியும். அதனால் ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் தனியாக ஒரு செட் எழுத ஆரம்பித்தேன். தலைக் கேள்வி ஒன்று, அதன் கீழே துணைக் கேள்விகள். தலைக் கேள்வி லேசாக இருக்கும், "நீ செஞ்ச பாகம் எது, சொல்லு" என்பது மாதிரி. பிள்ளைக்குப் படபடப்பு அடங்க வேண்டுமே. பதில் சரியாக வந்தால் அடுத்தது "ஏன் அப்படிச் செஞ்ச, வேற மாதிரி ஏன் செய்யல". அதுவும் வந்தால் "இதை மாத்திட்டா என்ன ஆவும்". கடைசியாக "எங்க, காட்டு". முதல் கேள்வியிலேயே திணறினால் மேலே போகக் கூடாது, ஒரு படி இறங்கி எளிதாகக் கேட்டுத் தூக்கிவிட வேண்டும். பதில் ஒப்பிப்பது மாதிரி வந்தால் நேராகக் கடைசிக்குத் தாவ வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்ன பதில் எதிர்பார்க்கிறோம், அதற்கு எவ்வளவு என்று எழுதியிருப்பேன். "தெரியாது, ஆனா இப்படிச் செஞ்சு பாத்துக் கண்டுபிடிப்பேன்" என்று சொல்கிற பிள்ளைக்கு என் கணக்கில் மார்க் உண்டு. வெறும் தெரியாதுக்குக் கிடையாது. இதை வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளுக்கே சலித்துப்போயிருக்கும்.

இந்தக் கிறுக்குக்கு எனக்கு இருந்த ஒரே கூட்டு, பக்கத்து நாற்காலிக்காரி. இலத்தூர்க்காரி. என்னைவிட நாலைந்து வயது இளையவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நாங்கள் இரண்டு பேரும் வருஷக்கணக்காக ஒரே காலேஜ் பஸ்ஸில் ஒரே சீட். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் பேப்பர் கட்டையும் சேர்த்துத் திருத்தியவள் அவள். அவள் மாசமாக இருந்தபோது அவளுடைய லேப் வகுப்பையெல்லாம் நான் நின்று எடுத்தேன். கூடப்பிறந்தவள் என்று நான் வாயால் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக அன்றைக்குத் தோன்றவில்லை.

ப்ராஜெக்டுக்குக் கைடாக இருப்பவர் தன் டீமுக்குத் தானே கேள்வி போடக் கூடாது, மாற்றிப் போடுவோம் என்று அவளிடம் சொன்னது நான்தான். அவள் டீமுக்கு நான், என் டீமுக்கு அவள். ஒரே ஒரு வழக்கம் மட்டும் வைத்துக்கொண்டோம். எழுதி முடித்த செட்டை அந்த டீமின் கைடு ஒரு தடவை பார்க்க வேண்டும். கேள்வி ப்ராஜெக்டுக்குள் இருக்கிறதா, எதிர்பார்க்கிற பதில் அவர்கள் கடைசியாகச் செய்து முடித்ததோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் காதில் ஒரு வார்த்தை விழக் கூடாது. எச்.ஓ.டி சாரிடம் சொன்னபோது, "நல்ல விஷயம்தான் மேடம், பண்ணுங்க" என்றார். எழுத்தில் எதுவும் இல்லை, வாய்வார்த்தைதான்.

அந்த வருஷம் அவளுக்கு ஒரு பையன்கள் டீம். குற்றாலம் அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தால் முன்கூட்டியே சத்தம் எழுப்புகிற கருவி. ஓடைக்கு மேலே ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், தண்ணீர் மட்டம் சட்டென்று ஏறினால் கீழே சைரன். கேட்கவே நன்றாக இருந்தது. என் டீமில் இருந்தது ஒரு பெண்பிள்ளை. கூட ஒருத்தி பேருக்கு உண்டு, வேலை முழுக்க இவள்தான். வாசுதேவநல்லூர்க்காரி, வீட்டில் எலுமிச்சைத் தோட்டம். பச்சைக் காயையும் மஞ்சள் காயையும் கேமரா பார்த்துப் பிரித்துத் தள்ளுகிற பெட்டி செய்திருந்தாள். எங்கள் லேப் பூராவும் எலுமிச்சை வாசம்.

அவளுக்கு இந்த வைவா சும்மா இல்லை. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று எங்கள் டிபார்ட்மென்டிலிருந்து ஒரே ஒருவரை எடுப்பதாகச் சொல்லியிருந்தது, ப்ராஜெக்ட் மார்க்கில் முதலில் நிற்பவரை. இவள் வீட்டில் அப்பா போலீஸ், அண்ணன்மார் இரண்டு பேரும் போலீஸ். வேலை கிடைத்தால் கோயம்புத்தூர், இல்லாவிட்டால் போலீஸ் செலக்‌ஷன் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். "எனக்கு லத்தி வேண்டாம் மேம், சால்டரிங் அயர்ன் போதும்" என்பாள்.

வைவாவுக்கு முந்தின வாரம் லேபில் என்கிட்ட வந்து நின்றாள். "மேம், எந்தப் பக்கமா கேப்பாங்கன்னு மட்டும் சொல்லுங்களேன். பதில் வேண்டாம்." என் பீரோவுக்குள் அவளுடைய செட் இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரி எழுதியது. வரிவரியாகச் சரிபார்த்து, ஒரு இடத்தில் லைட் பற்றி அவள் தப்பாக எழுதியிருந்ததைத் திருத்தி, கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன். "செஞ்சது நீதான? எந்தப் பக்கமா கேட்டா என்னட்டி? போயி சோலியப் பாரு" என்றேன். சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

வைவா அன்று வெளியிலிருந்து வந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் சீனியர். நல்ல மனுஷன், ஆனால் சரளமாகப் பேசினால் மயங்கிவிடுகிற ரகம். இரண்டு செட்டையும் அவர் கையில் கொடுத்தோம். அந்த அறையில் உள் எக்ஸாமினர் நான்.

முதலில் என் எலுமிச்சைப் பிள்ளை. பெட்டிக்குள்ள லைட் மங்கிப்போனா என்ன ஆவும் என்று கேட்டார். "ஒரு நாள் கரண்டு போயி பேட்டரியில ஓட்டுனேன் சார். பேட்டரி எறங்க எறங்க லைட் மங்கி, மஞ்சக் காயெல்லாம் பச்சைக் கூடையில போயி விழுந்துச்சு. அதுக்குப் பொறவு பெட்டி ஓரத்துல ஒரு வெள்ளத் தாள ஒட்டினேன். கேமரா மொதல்ல அந்தத் தாளப் பாத்து வெளிச்சத்த அளந்துக்கும்." எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இது எந்த செட்டிலும் இல்லாத பதில், அனுபவிச்சவள்தான் சொல்ல முடியும். அடுத்து, புள்ளி விழுந்த காய் வந்தால்? "தெரியாது சார். அத நான் சோதிச்சுப் பாக்கல. புள்ளிக் காயா தனியா கொஞ்சம் படம் எடுத்து ஓட்டிப் பாத்தாத்தான் சொல்ல முடியும்." அவர் "ம்" என்று சொல்லி என்னவோ எழுதினார். என் கணக்கில் அது முழு மார்க் பதில்.

அடுத்து அருவி டீம். முன்னால் நின்று பேசியவன் ஒரு வாட்டசாட்டமான பையன். சாரலும் தெறிப்பும் உள்ள இடத்தில் சென்சார் தப்புத் தப்பாக அளக்குமே, என்ன செய்தீர்கள் என்று சார் கேட்டார். அவன் ஆரம்பித்தான், நிறுத்தவே இல்லை. "அஞ்சு தடவை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவுல உள்ளத எடுத்துக்கிடுவோம் சார். சராசரி போட மாட்டோம். இப்ப பஸ் ஸ்டாண்டுல அஞ்சு பேர்கிட்ட செங்கோட்டை பஸ் எப்பன்னு கேக்கோம்னு வைங்க. நாலு பேரு பத்து நிமிஷம்ங்கான், ஒருத்தன் மட்டும் நாளைக்குங்கான். அவனையும் சேத்தா சார் சராசரி போடுவீங்க?"

சார் வாய்விட்டுச் சிரித்தார். கேள்வியை மட்டும்தான் வாசித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் எழுதியிருந்த பதிலை அவர் பார்க்கவில்லை.

அந்த பஸ் ஸ்டாண்ட் என்னுடையது. அந்த அஞ்சு பேரும் என்னுடையவர்கள். எதிர்பார்க்கும் பதில் என்ற இடத்தில், எக்ஸாமினருக்குப் புரியட்டும் என்று நானே யோசித்து எழுதியது. செங்கோட்டை பஸ் உட்பட. உலகத்தில் அந்த உதாரணம் ஒரே ஒரு தாளில்தான் இருந்தது. வைவாவுக்கு முன்னால் அந்தத் தாளைப் பார்த்தது ஒரே ஒருத்தி.

அடுத்த துணைக் கேள்வியை அவர் கேட்டு முடிப்பதற்குள் அவன் பதிலை ஆரம்பித்துவிட்டான். அஞ்சில் மூன்று தப்பானால் நடுவில் உள்ளதும் தப்பாகும், அதனால் சென்சாருக்குக் கீழே ஒரு குழாயை நட்டு அதற்குள் மட்டத்தை அளக்கலாம், தெறிப்பு உள்ளே வராது. என் வரி, என் வரிசை. ஒப்பிக்கிறவனிடம் கடைசிக்குத் தாவு என்று எழுதியவள் நான்தானே. தாவினேன். "ப்ரோகிராமத் திற. அந்த அஞ்சு தடவை அளக்கிற இடத்தக் காட்டு."

லேப்டாப்பைத் திறந்தான். மேலே போனான், கீழே போனான். பிறகு நானே விரலை வைத்துக் காட்டினேன். அங்கே பத்து தடவை அளந்து, கூட்டி, பத்தால் வகுத்திருந்தது. பச்சையான சராசரி. நடுவில் உள்ளதும் இல்லை, ஓரத்தில் உள்ளதும் இல்லை. இரண்டாவது ரிவ்யூவில் அவர்கள் காட்டிய ஸ்லைடில் அஞ்சு, நடு என்று இருந்தது. அதைப் பார்த்து நான் செட் எழுதியிருந்தேன். கடைசியில் சென்டர்க்காரன் கொடுத்த ப்ரோகிராமில் அது இல்லை. சரிபார்க்க வேண்டியவள் பார்த்திருந்தால் என் செட்டிலேயே திருத்தியிருப்பாள். அவள் படித்துப் பார்க்கவே இல்லை. கையெழுத்தைப் போட்டு, ஃபோட்டோ எடுத்து, பையன்களுக்கு அனுப்பிவிட்டாள்.

"அது பழைய வெர்ஷன் மேம்" என்றான் பையன்.

"விடுங்க மேடம், கான்செப்ட் கிளியரா சொல்லிட்டான்லா" என்றார் சார். "டைம் ஆவுது." எனக்குத் தெரிந்ததை அந்தப் பையன் முன்னால் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை. அவன் வெளியே போனபிறகு சொன்னேன், செட் வெளியே போயிருக்கு சார் என்று. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்களுக்கு அந்தப் பிள்ளை மேல பிரியம், தெரியுது. என் மார்க்க நான் போட்டுட்டேன் மேடம்." நான் என் மார்க்கைப் போட்டேன். கூட்டிப் பார்த்தபோது பையன் முதலில் நின்றான்.

வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினரை மத்தியானம் குற்றாலத்துக்குக் கூட்டிப் போவது எங்கள் கல்லூரி வழக்கம். பார்டர் கடையில் புரோட்டா, அதற்குப் பிறகு அருவி. கோடை மழை பெய்து ஐந்தருவியில் கொஞ்சம் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சார் துண்டைக் கட்டிக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் சிப்ஸ் கடைப் பக்கம் நின்றோம். அவள் எனக்கும் சேர்த்து நேந்திரம் சிப்ஸ் வாங்கி நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"பஸ் ஸ்டாண்டு உதாரணத்த உன் பையன் அருமையா சொன்னான்" என்றேன்.

அவள் முகம் மாறவே இல்லை. அதுதான் எனக்கு முதல் அடி. "ஆமாக்கா, சார் கூட சிரிச்சாராமே" என்றாள்.

"ஏட்டி, நீதான குடுத்த?"

"வேற என்ன செய்யச் சொல்லுதீங்க? சென்டர்ல வாங்கிட்டு வந்து நிக்கானுக. உங்க கேள்விக்கு ஒண்ணுக்குக்கூட வாய் தொறந்திருக்க மாட்டானுக. கைடு நானு. எம் பேருல்லா நாறிப்போவும்." ஒரு சிப்ஸை வாயில் போட்டுக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள், "நீங்களும் உங்க பிள்ளைக்குக் குடுத்திருப்பீங்கன்னுல்லா நெனச்சேன்."

நான் அவளையே பார்த்தேன். என்னைச் சமாளிப்பதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள். "குடுக்கலையா? ஏங்க்கா?" என்று கேட்டபோது அவள் கண்ணில் ஆச்சரியம்தான் இருந்தது. நம்ப வைத்துக் கழுத்தறுத்தாள் என்றாவது திட்டலாம் என்றால், அவள் கணக்கில் அறுக்கவே இல்லை. மாற்றிப் போடுவோம் என்று நான் சொன்னதை, மாற்றிக்கொண்டு அவரவர் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று எடுத்துக்கொண்டு, இத்தனை நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். ஒரே சீட்டில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. என்னை இவ்வளவுதான் தெரிந்துவைத்திருந்தாயா என்று கேட்க வந்தது, கேட்கவில்லை. அருவிப் பக்கம் போலீஸ்காரர் விசிலடித்து யாரையோ தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சார் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "தண்ணி அமிர்தம்" என்றார்.

மறுநாள் எச்.ஓ.டி சாரிடம் போய் நின்றேன். எல்லாம் கேட்டார். "எழுதிக் கொடுங்க மேடம், ஆனா ஒண்ணு" என்றார். "செட் வெளிய போனதுக்கு நீங்க காட்டுத ஆதாரம் என்ன? அவன் சொன்ன பதில் ப்ரோகிராம்ல இல்ல, உங்க செட்லதான் இருக்கு. அப்ப உங்க செட்டு தப்புன்னும் நீங்களே எழுதிக் குடுக்கணும். சரிபாத்ததா அந்த மேடம் கையெழுத்து வேற இருக்கு. கடைசில தப்பான கேள்வி போட்டது யாருன்னு வந்து நிக்கும்." சொல்லிவிட்டு, கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய பெயர் அனுப்பியாகிவிட்டது என்றும் சொன்னார். இருந்தும் எழுதிக் கொடுத்தேன். பார்க்கிறேன் என்று வாங்கி வைத்தார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்று சாயங்காலமே காலேஜ் பஸ்ஸில் ஏறவில்லை. அதற்குப் பிறகு டவுன் பஸ் பழகிக்கொண்டேன். பக்கத்து நாற்காலியை என்ன செய்ய முடியும், அது அங்கேயேதான் கிடக்கிறது. "என்னக்கா, பேச மாட்டேங்கீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். தலைவலி என்றேன். எனக்கு அழுகை வந்துவிடுமோ என்ற பயம், கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் என் எலுமிச்சைப் பிள்ளை லேப் சாமானைத் திருப்பிக் கொடுக்க ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். பெட்டியிலிருந்து கேமராவைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, எல்லாவற்றையும் மேசையில் வைத்தாள். உள்ளே அந்த வெள்ளைத் தாள் மட்டும் ஒட்டியபடி இருந்தது. சோதனைக்குக் கொண்டுவந்த எலுமிச்சை மிச்சம் ஒரு பையில்.

"பசங்க க்ரூப்புல அந்தக் கேள்வித் தாள் ஃபோட்டோவப் போட்டு சிரிச்சிட்டு, பொறவு அழிச்சிட்டானுக மேம்" என்றாள். "கேள்வியெல்லாம் நீங்க எழுதுத எழுத்துதான். பாத்ததும் தெரிஞ்சுட்டு."

"நான் அவனுகளுக்குக் குடுக்கலம்மா."

"அது எனக்குத் தெரியும் மேம்." ஒயரை இன்னொரு தடவை சுற்றினாள். "எங்க செட்டு உங்ககிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நான் வந்து கேட்டேன்லா, அன்னைக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஏன் மேம் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சிருந்தோம். அவங்களும் சொல்ல மாட்டாங்கன்னு நம்புனேன்."

தலையை ஆட்டினாள். என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை. ஒரு கேள்வி, அதற்குக் கீழே ஏன், அதற்குக் கீழே என்ன வரும் என்று எனக்குத் தெரியும், நான் சொல்லிக் கொடுத்த வரிசைதானே.

"நீங்க அந்த மேம நம்புனீங்க. நான் உங்கள நம்புனேன்" என்றாள். "அடுத்த வருஷமும் ஒரு பிள்ளை வந்து, எந்தப் பக்கமா கேப்பாங்கன்னு கேட்டா? அப்ப என்ன மேம் செய்வீங்க?"

யோசித்தேன். பீரோவைப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன், அதற்குரியவள் வகுப்புக்குப் போயிருந்தாள்.

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் கையிலிருந்த ஒயரை மேசையில் வைத்தாள். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் போல.

"வெறும் தெரியாதுக்கு மார்க் கெடயாதுன்னு நீங்கதான மேம் சொல்லுவீங்க" என்றாள். பிறகு எலுமிச்சைப் பையை என் மேசையில் வைத்துவிட்டு, காலையில் போலீஸ் செலக்‌ஷனுக்காக அப்பா கிரவுண்டில் ஓட வரச் சொல்லியிருக்கிறார், ஷூ வாங்கப் போக வேண்டும் என்று சொல்லிக் கிளம்பினாள்.